எட்டரை மணிக்குப் படுத்த பெண்

பிளஸ் டூ பொதுத் தேர்வின் முதல் நாளாகிய தமிழ்த் தாளுக்கு முந்திய இரவில், என் தம்பியின் மகளை அவளுடைய தாயார் எட்டரை மணிக்கே படுக்கைக்கு அனுப்பிவிட்டாள். மறுநாள் பெரிய பரீட்சை, இன்றைக்காவது குழந்தை நன்றாகத் தூங்கட்டும் என்ற வாத்ஸல்யத்தைத் தவிர அந்தச் செயலில் வேறொன்றும் இல்லை. கூடத்து விளக்குகள் அணைக்கப்பட்டன. தொலைக்காட்சியின் குரல் அடங்கிற்று. கும்பகோணத்து வீட்டுக்குரிய நீண்ட ரேழியில் நாங்கள் பெரியவர்கள் எல்லோரும் காலடி ஓசை கேட்காமல் நடந்தோம். அந்த நிசப்தத்தின் நடுவில், படுக்கையறையில் அந்தப் பெண் ஐந்தரை மணி நேரம் விழித்துக் கிடந்தாள்.

ஒன்பதரை மணிக்குத் தண்ணீர் குடிக்க வந்தாள். பத்தரை மணிக்கு மீண்டும் வந்து, "கண்ணை மூடினால் செய்யுள்தான் ஓடுகிறது, அதுவும் பாதியில் நின்றுவிடுகிறது" என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினொரு மணி சுமாருக்கு உள்ளேயிருந்து ஓடிவந்தவளுடைய முகத்தைப் பார்த்து நான் எழுந்துவிட்டேன். "பெரியப்பா, விரல் நுனியெல்லாம் குறுகுறுவென்கிறது, உதடு மரத்துப் போகிறது, மயக்கம் வருகிறது, நாளைக்கு என்னால் எழுதவே முடியாது" என்று அழுதாள். என்ன செய்தாய் அம்மா என்று விசாரித்ததில், பயம் போக ஆழ்ந்து மூச்சு விட வேண்டும் என்று தோழி ஒருத்தி சொல்லியிருந்ததாகவும், அதன்படி அரை மணி நேரமாக மார்பு நிறைய மூச்சை இழுத்து இழுத்து விட்டதாகவும் சொன்னாள். ஒருவாறு அவளைத் தேற்றி உட்கார வைத்தோம். அவள் கண்ணயர்ந்தபோது மணி இரண்டு. நான்கு மணிக்கு, ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும் என்று அவளை எழுப்பிவிட்டார்கள்.

முப்பத்தோராண்டு காலம் மேல்நிலை வகுப்புகளுக்குப் பௌதிகம் கற்பித்தவன் நான். பரீட்சைக் காலையில் சிவந்த கண்களோடு வந்து நிற்கும் பிள்ளைகளை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன் என்றாலும், அந்தக் கண்கள் எவ்வாறு சிவக்கின்றன என்பதை ஓர் இரவு முழுவதும் அருகிலிருந்து பார்த்தது அன்றுதான். அதன் பிறகு இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்து, அவளுடைய கணக்குப் பரீட்சைக்கு முன் இருந்த எட்டு நாட்களில் நானும் அவளும் சேர்ந்து சிலவற்றைச் செய்து பார்த்தோம். முதல் இரவு ஏன் கெட்டது, இரண்டாவது இரவு எப்படிக் கழிந்தது என்பதையே இந்தப் பதிவில் எழுத நினைக்கிறேன். இவ்வாண்டும் பல வீடுகளில் எட்டரை மணிக்கு விளக்கை அணைக்கப் போகிறார்கள் என்பதால், இதை எழுதாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

முதல் பிழை அந்த எட்டரை மணிதான். படிப்பு விடுமுறை தொடங்கியதிலிருந்து அந்தப் பெண் இரவு பதினொன்றரை மணிக்குப் படுத்துக் காலை ஏழரை மணிக்கு எழுந்துகொண்டிருந்தாள். நித்திரை நமக்கு வருவது இரண்டு சக்திகளின் சேர்க்கையினால் என்று 1982-இல் அலெக்சாண்டர் போர்பெலி என்ற சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர் விளக்கினார். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் மூளையில் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே போகும் தூக்கக் கடன் ஒன்று. உடம்புக்குள் ஓயாமல் ஓடி, இது பகல், இது இரவு என்று கட்டளையிடும் கடிகாரம் மற்றொன்று. மாலை முற்ற முற்றக் கடன் ஏறிக்கொண்டிருக்கையில், அந்தக் கடனுக்கு நாம் அகாலத்தில் பணிந்து சரிந்துவிடாதபடி, உள்ளிருக்கும் கடிகாரம் தன் விழிப்புக் கட்டளையை உச்சத்திலே பிடித்து வைத்திருக்கிறது. ஆகையினால், வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு முந்திய இரண்டு மூன்று மணி நேரந்தான் ஒரு நாளில் தூக்கம் மிகவும் அரிதாக வரும் வேளை.

இதை மிகப் பொறுமையாகச் சோதித்துக் காட்டியவர் இஸ்ரேலைச் சேர்ந்த பெரெட்ஸ் லாவி. ஏழு நிமிஷம் தூங்க முயல வேண்டும், பதின்மூன்று நிமிஷம் விழித்திருக்க வேண்டும் என்று இருபது நிமிஷச் சக்கரமாக இரவும் பகலும் சிலரை நடத்தி, எந்த வேளையில் எவ்வளவு தூக்கம் வாய்க்கிறது என்று கணக்கெடுத்து, முன்னிரவின் அந்தச் சில மணி நேரத்துக்குத் தூக்கம் தடை செய்யப்பட்ட காலம் என்ற பொருளில் 1986-இல் அவர் பெயரும் சூட்டினார். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இந்தக் கடிகாரம் பெரியவர்களுடையதைக் காட்டிலும் சற்றுத் தாமதமாகவே ஓடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பெண்ணைத் தூங்கு என்று நாங்கள் அனுப்பியது, அவளுடைய தேகம் தூங்காதே என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்த வேளையில். அவள் விழித்துக் கிடந்தது பலவீனத்தினால் அன்று; ஆரோக்கியமான உடம்பு செய்ய வேண்டியதை அவள் உடம்பு செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் இருட்டில் தனியே கிடக்கும் பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? தூக்கம் வராததற்குப் பயமே காரணம் என்று எண்ணினாள். அந்த எண்ணத்திலிருந்து மெய்யான பயம் பிறந்தது.

இரண்டாவது பிழை மூச்சில் நேர்ந்தது. பயந்தவனைப் பார்த்து நன்றாக மூச்சை இழுத்து விடு என்று சொல்வது நம் எல்லோருக்கும் பழக்கம். அந்த உபதேசத்தில் இழுப்பதற்குக் கிடைக்கும் அழுத்தம் விடுவதற்குக் கிடைப்பதில்லை. சும்மா படுத்திருக்கும் உடம்புக்குத் தேவையான பிராணவாயு சாதாரணச் சுவாசத்திலேயே ரத்தத்தில் நிறைந்திருக்கிறது. மேலும் மேலும் இழுப்பதனால் அது கூடப்போவதில்லை. அளவுக்கு மிஞ்சி மூச்சு விடும்போது குறைந்துபோவது ரத்தத்திலுள்ள கரியமில வாயு. அது குறைந்தால் மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன; தலை கிறுகிறுக்கிறது; விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி தோன்றுகிறது. பரீட்சைப் பயத்தில் ஏற்கெனவே படபடத்துக்கொண்டிருக்கிற மனம் இந்தக் குறிகளைக் கண்டு, ஏதோ பெரிய ஆபத்து வந்துவிட்டதென்று நம்பி, இன்னும் வேகமாக மூச்சு விடத் தொடங்குகிறது. அன்றிரவு பதினொரு மணிக்கு என்னிடம் ஓடிவந்தவளுக்கு நேர்ந்தது இதுவே.

பயத்தைத் தணிக்கும் தன்மை, உள்ளே போகும் மூச்சிலே இல்லை. வெளியே போகும் மூச்சிலே இருக்கிறது. இதை அவளுக்கு வாயால் சொல்வதை விட அவள் கையாலேயே தொட்டு உணரச் செய்ய வேண்டும் என்று விரும்பினேன். தமிழ்ப் பரீட்சை முடிந்த மறுநாள் மாலை ஊஞ்சலில் உட்கார வைத்து, வலது கையின் இரு விரல்களால் இடது மணிக்கட்டில் நாடியைப் பிடிக்கச் சொன்னேன். பிறகு மெதுவாக மூச்சை உள்ளிழுத்து, அதைவிட மெதுவாக வெளிவிடச் சொன்னேன். நாலைந்து சுவாசங்களுக்குள் அவள் முகம் வியப்பினால் மலர்ந்தது. "பெரியப்பா, இழுக்கும்போது வேகமாகத் துடிக்கிறது, விடும்போது நின்று நின்று துடிக்கிறது!" என்றாள். இளம் வயதினரிடத்தில் இது மிகத் தெளிவாகவே தெரியும். மூளையின் அடிப்பாகத்திலிருந்து இறங்கி இருதயத்துக்கு வருகிற வேகஸ் என்னும் நரம்பு இருதயத்துக்குக் கடிவாளம் போன்றது. மூச்சை உள்ளிழுக்கும்போது அந்தக் கடிவாளம் சற்றுத் தளர்கிறது, வெளிவிடும்போது இறுகுகிறது. எனவே, விடும் நேரத்தை இழுக்கும் நேரத்தைக் காட்டிலும் நீளமாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நிமிஷத்திலும் கடிவாளம் இறுகியிருக்கும் பங்கு மிகுகிறது, இருதயம் அடங்குகிறது, இருதயத்தின் அடக்கத்தைத் தொடர்ந்து மனமும் சிறிது சிறிதாக அடங்குகிறது.

நம் முன்னோர் இதைக் கண்டறிந்தது இன்று நேற்றல்ல. உள்ளிழுப்பதைப் பூரகம் என்றும், உள்ளே நிறுத்துவதைக் கும்பகம் என்றும், வெளிவிடுவதை ரேசகம் என்றும் அவர்கள் பிரித்தார்கள். திருமூலர் திருமந்திரத்தில் பூரகத்துக்குப் பதினாறு மாத்திரை, ரேசகத்துக்கு முப்பத்திரண்டு மாத்திரை என்று வகுக்கிறார். வெளிவிடுவது உள்ளிழுப்பதைப் போல் இரு மடங்கு. இடையிலே வரும் அறுபத்து நான்கு மாத்திரைக் கும்பகம் குருவின் அருகிலிருந்து பல காலம் பயில வேண்டிய சாதனை; பரீட்சைக்கு முந்திய இரவில், பழகாத பிள்ளை ஒருவன் மூச்சைப் பிடித்து வைப்பதனால் படபடப்பு அதிகமாகுமேயன்றிக் குறையாது. ஆகவே கும்பகத்தை விட்டுவிட்டு, நீண்ட ரேசகத்தை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அவள் பயின்ற முறையை அப்படியே எழுதுகிறேன். மல்லாந்து படுத்து, ஒரு கையை மார்பின் மேலும் மற்றொரு கையைத் தொப்புளுக்குச் சற்று மேலும் வைத்துக்கொள்ள வேண்டும். வாயை மூடி, மூக்கின் வழியாக, மனத்துக்குள் நான்கு எண்ணும் நேரம் மூச்சை உள்ளே விட வேண்டும். வயிற்றின் மேலுள்ள கை உயர வேண்டும், மார்பின் மேலுள்ள கை ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும். பிறகு நிறுத்தாமல், ஆறு எண்ணும் நேரம் மூக்கின் வழியாகவே மூச்சைத் தானாக இறங்க விட வேண்டும். எண்ணிக்கை ஒன்றுக்கு ஒரு வினாடி என்று வைத்தால் ஒரு சுவாசத்துக்குப் பத்து வினாடி. நிமிஷத்துக்கு ஆறு சுவாசம். ஓய்வாக இருக்கும் மனிதர் சாதாரணமாக நிமிஷத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது தடவை சுவாசிக்கிறார் என்பதால், தொடக்கத்தில் சிலருக்கு ஆறு என்பது மூச்சு முட்டுவது போல் இருக்கும். அத்தகையவர் மூன்று எண்ணி இழுத்து, ஐந்து எண்ணி விட்டால் போதும். எண்ணிக்கையில் இருக்கும் நுட்பத்தைக் காட்டிலும், வெளியே செல்லும் மூச்சு நீளமாகவும் பலவந்தமின்றியும் இருப்பதே பிரதானம்.

இதிலே பிள்ளைகள் பொதுவாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. மெதுவாகச் சுவாசிக்க வேண்டும் என்றால் நிறையச் சுவாசிக்க வேண்டும் என்று எண்ணி, நான்கு எண்ணுவதற்குள் மார்பு வெடிக்கும் மட்டும் நிரப்பிக்கொள்கிறார்கள். முதல் இரண்டு நாளும் அந்தப் பெண்ணும் அப்படித்தான் செய்தாள். மூன்றாவது நிமிஷத்தில் தலை லேசாகச் சுற்றுகிறது என்றாள். தலை சுற்றினாலும், விரல் குறுகுறுத்தாலும், மூச்சின் அளவு மிகுந்துவிட்டது என்பதே பொருள்; அப்போது வேகத்தை மாற்ற வேண்டியதில்லை, அளவைச் சிறியதாக்க வேண்டும். பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பாதபடி, தன் காதுக்கே கேளாதபடி சுவாசி என்று சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தினால் காரியம் சரியாகிவிட்டது. முறை சரியாக நடக்கிறது என்பதற்கு அடையாளம், ஐந்தாறு நிமிஷத்தில் உள்ளங்கை வெதுவெதுப்பாவதும், வாயில் உமிழ்நீர் ஊறுவதும், எண்ணிக்கை இடையிடையே தவறுவதுமாகும். எண்ணிக்கை தவறினால் வருந்த வேண்டாம். மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

இதைக் கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் இரவில் மட்டும் செய்யாமல், அந்த எட்டு நாளும் இரவில் பத்து நிமிஷம் செய்ததற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2023-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், ஒரு மாத காலம் தினமும் ஐந்து நிமிஷம் வெவ்வேறு சுவாச முறைகளைப் பழகியவர்களையும் தியானம் பழகியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெளிவிடும் மூச்சை நீட்டிய குழுவினருக்கே மனநிலையில் அதிகமான அபிவிருத்தி காணப்பட்டது. அந்தப் பயன் நாளுக்கு நாள் கூடிக்கொண்டும் வந்தது. பரீட்சை இரவில் முதன்முதலாகக் கையாளப்படும் எந்த முறையும் மனத்துக்கு இன்னொரு பரீட்சையாகிவிடுகிறது. பழகிய மூச்சோ, பழகிய தலையணையைப் போல, தேகத்துக்குத் தன் இடம் இது என்று நினைவூட்டுகிறது.

அதே எட்டு நாட்களில் தூக்கத்தின் நேரத்தையும் நகர்த்தினோம். படுக்கும் நேரத்தை நம் இஷ்டப்படி முன்னே இழுக்க முடியாது. எழும் நேரத்தை முன்னே இழுக்கலாம், படுக்கும் நேரம் அதன் பின்னால் தானே வரும். ஏழரை மணிக்கு எழுந்துகொண்டிருந்தவளை நாளுக்குக் கால் மணியாக முன்கொணர்ந்து, ஆறாம் நாள் ஆறு மணிக்கு எழச் செய்தோம். எழுந்தவுடன் மாடிக்குச் சென்று, சூரிய வெளிச்சத்தில் இருபது நிமிஷம் நடந்துகொண்டே சூத்திரங்களைச் சொல்லிப் பார்ப்பாள். காலை வெளிச்சம் உள்ளே ஓடும் கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது. பகலில் கண்ணைச் சுழற்றினால் மூன்று மணிக்கு முன் இருபது நிமிஷத்துக்கு மேல் தூங்குவதில்லை. காப்பி மதியத்தோடு நின்றது. எங்கள் ஊரில் இது கடினமான விரதம் என்பதை அறிவேன். ஆனால் காப்பியிலுள்ள காஃபின் உடம்பில் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஆறு மணிக்குக் குடித்த ஒரு டம்ளர் காப்பியில் பாதி, இரவு பதினொரு மணிக்கும் அந்தப் பிள்ளையின் தலைக்குள் விழித்திருக்கும். எட்டாம் நாளுக்குள் அவளுக்கு இரவு பத்தே கால் மணிக்கே கண்கள் கனக்கத் தொடங்கின.

இனிக் கணக்குப் பரீட்சைக்கு முந்திய இரவு. மாலை ஏழு மணி வரையில் ஏற்கெனவே போட்ட கணக்குகளையே திரும்பப் பார்த்தாள். புதிய பாடம் எதையும் திறக்கவில்லை. எட்டு மணிக்கு ரசம் சாதமும் அவரைக்காய்ப் பொரியலும். எட்டரை மணிக்கு ஹால் டிக்கெட், நான்கு பேனா, ஜியாமெட்ரி பாக்ஸ், தண்ணீர்ப் பாட்டில், கைக்கடிகாரம் ஆகியவற்றைப் பையில் எடுத்து வைத்து, பையை வாசற்கதவருகே மாட்டினாள். அதன்பின் ஒரு தாளை எடுத்து, மறுநாள் காலையில் செய்ய வேண்டியவற்றை ஒன்று விடாமல் எழுதச் சொன்னேன். "6 மணிக்கு எழ வேண்டும். வகைநுண் கணிதச் சூத்திரங்கள் ஒருமுறை. 8 மணிக்கு இட்லி. 8.45-க்குக் கிளம்ப வேண்டும். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு முதலில் வரைபடம்" என்று பதினான்கு வரி எழுதினாள். அவள் மனம் படுக்கையில் புரட்டிக்கொண்டிருக்கப் போகிற பதினான்கு சங்கதிகள் அவை. பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் என்பவர் நடத்தி 2018-இல் வெளியிட்ட சோதனையில், படுக்கும்முன் ஐந்து நிமிஷம் மறுநாள் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைக் காட்டிலும் சுமார் ஒன்பது நிமிஷம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு விரைவாகவும் தூங்கினார்கள். மனம் மறந்துவிடுவோமோ என்று அஞ்சியே ஒன்றைச் சுற்றிச் சுற்றி வருகிறது. தாளில் ஏறிவிட்டதென்று தெரிந்தால் விட்டுவிடுகிறது.

ஒன்பது மணிக்குக் கைப்பேசி கூடத்து அலமாரிக்குப் போயிற்று. அதன் வெளிச்சத்தைக் காட்டிலும் அதில் வரும் செய்திகளுக்கே நான் அஞ்சினேன். பரீட்சைக்கு முந்திய இரவு பத்து மணிக்கு, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பிள்ளை, நாளைக்கு இந்த ஐந்து கணக்கு நிச்சயம் வருகிறதாம் என்று ஒரு படத்தை அனுப்புவான். அதில் ஒன்றாவது தான் படிக்காததாக இருக்கும். அதற்குப் பின் எந்தப் பிராணாயாமம் செய்து என்ன பிரயோஜனம்? வெதுவெதுப்பான நீரில் குளித்துவிட்டுச் சிறிது நேரம் தாயாரோடு பேசிக்கொண்டிருந்தாள். பத்தே கால் மணிக்கு, கண் கனத்த பிறகு, அறைக்குச் சென்றாள். சுவர்க்கடிகாரத்தை முன்பே கழற்றி வைத்திருந்தோம்; மணி பார்க்கும் ஒவ்வொரு தடவையும், இன்னும் எத்தனை மணி நேரம் மிச்சம் என்று ஒரு கழித்தல் கணக்கை மனம் போடுகிறது, அந்தக் கணக்கின் விடை பயமாகவே இருக்கிறது.

அன்றைக்கும் அவளுக்கு உடனே தூக்கம் வந்துவிடவில்லை. இதை மறைக்காமல் எழுத வேண்டும், ஏனென்றால் நான்கும் ஆறும் எண்ணினால் தூக்கம் வந்துவிடும் என்று நம்பிப் படுக்கும் பிள்ளை, வராதபோது இரு மடங்கு கலங்கிவிடும். சுவாசம் தூக்கத்தைத் தருவதில்லை; தூக்கத்துக்குக் குறுக்கே நிற்கும் படபடப்பை விலக்குவதே அதன் வேலை. பத்து நிமிஷம் சுவாசித்து, இன்னும் சற்று நேரம் கிடந்து பார்த்து, ஏறக்குறைய இருபது நிமிஷம் ஆகியிருக்கும் என்று தோன்றியதும், நாங்கள் பேசி வைத்திருந்தபடி எழுந்து கூடத்துக்கு வந்தாள். ஊஞ்சலில் உட்கார்ந்து, மங்கலான விளக்கொளியில், பலமுறை வாசித்திருந்த பழைய வார இதழ் ஒன்றைப் புரட்டினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. படுக்கையில் கிடந்து போராடப் போராட, இது போராடும் இடம் என்று மனம் கற்றுக்கொள்கிறது. தூக்கம் வரும்போது மட்டும் படுக்கை, வராதபோது எழுந்து வந்துவிடுவது என்ற இந்த நியமத்தை ரிச்சர்ட் பூட்சின் என்ற மனோதத்துவ நிபுணர் 1972-இல் வகுத்தார். தூக்கமின்மைக்கான சிகிச்சைகளில் இன்றும் அது முக்கிய இடத்தில் இருக்கிறது. கால் மணி நேரம் கழித்து, இரண்டு கொட்டாவிகளோடு எழுந்து உள்ளே போனாள். பிறகு அந்த அறையிலிருந்து ஓசை எதுவும் வரவில்லை.

அவள் அந்த இருபது நிமிஷத்தைக் கலங்காமல் கடந்ததற்கு, எட்டு நாட்களுக்கு முன் நான் அவளிடம் சொன்ன ஒரு செய்தி உதவியது என்று எண்ணுகிறேன். எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஒரே வகுப்பைச் சேர்ந்த மாணவர்களின் கைகளில் தூக்கத்தை அளக்கும் பட்டையை அணிவித்து, பருவம் முழுவதும் அவர்களுடைய தூக்கத்தையும் பரீட்சை மதிப்பெண்களையும் சேர்த்துப் பார்த்து 2019-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பரீட்சைக்கு முந்திய மாதத்திலும் முந்திய வாரத்திலும் நன்றாகவும் ஒழுங்காகவும் தூங்கியவர்களுக்கு நல்ல மதிப்பெண்களோடு தொடர்பு தெரிந்தது. பரீட்சைக்கு நேர் முந்திய ஒரே ஓர் இரவின் தூக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. இது ஒரு வகுப்பில் கண்ட தொடர்பேயன்றிக் காரண காரியத்தை நிலைநாட்டியதாகாது. இரவு முழுவதும் கண்விழித்துப் படிக்கலாம் என்பதற்கு இது அனுமதியும் ஆகாது. ஆனால், இன்றிரவு தூங்காவிட்டால் இரண்டாண்டு உழைப்பும் போயிற்று என்று இருட்டில் எழும் அந்த எண்ணம் மெய்யல்ல என்பதற்கு இது போதிய சாட்சி. தமிழ்த் தாளை இரண்டு மணி நேரத் தூக்கத்தோடு எழுதியவள், தலைவலியோடு திரும்பினாளே தவிர, எழுத வேண்டியதை எழுதிவிட்டே திரும்பினாள். பல நாள் சேர்த்து வைத்த தூக்கம் ஓரிரவில் திவாலாகிவிடுவதில்லை.

பரீட்சைக் கூடத்துக்கென்று ஒரு சிறிய முறையையும் அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். அழுது ஓய்ந்த குழந்தையைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு முறை விம்மி மூச்சை உள்ளே இழுத்து, பிறகு ஒரு நீண்ட பெருமூச்சு விடும், உடனே அதன் தேகம் தளர்ந்துவிடும். அதையே நாம் வேண்டுமென்று செய்யலாம்: மூக்கினால் ஒரு முறை இழுத்து, நிறுத்தாமல் அதன் மேல் இன்னொரு சிறிய இழுப்பு, பிறகு வாயைக் குவித்து மெல்ல நீள விடுவது. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியில் முதலிடம் பெற்ற முறையும் இதுவே. பத்து மணிக்கு வினாத்தாள் கையில் வந்ததும் எழுதத் தொடங்குவதற்கு முன் வாசிப்பதற்குப் பத்து நிமிஷமும், விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிஷமும் தருகிறார்கள் அல்லவா? தாளைத் திறப்பதற்கு முன் அப்படி மூன்றே மூன்று மூச்சு. மூன்றுக்கு மேல் தேவையில்லை.

சில எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமா போன்ற சுவாச நோயுள்ள பிள்ளைகள் மூச்சைப் பிடித்து வைக்கும் எந்த முறையையும் மருத்துவரைக் கேளாமல் செய்யலாகாது. தூக்கத்துக்கென்று வீட்டிலுள்ள பெரியவர்களின் மாத்திரையையோ, ஜலதோஷ மாத்திரையையோ அன்றிரவு கொடுத்துவிடாதீர்கள். அவற்றின் மந்தம் மறுநாள் காலை பத்து மணிக்கும் தலையில் நிற்கக்கூடும். ஓரிரவு படபடப்பு இயற்கையானது. வாரக்கணக்கில் தூக்கமில்லாமலும், உணவில் நாட்டமில்லாமலும், வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வாயில் வருமளவுக்கும் ஒரு பிள்ளை இருந்தால், அது மூச்சுப் பயிற்சியினால் தீர்க்க வேண்டிய காரியம் அன்று. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணிலும் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. அன்றைக்கே அழைத்துப் பேசுங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கணக்குப் பரீட்சையன்று காலை ஆறு மணிக்கு அவள் தானாக எழுந்தாள். முந்திய நாளே என் தம்பி மனைவியிடம் நான் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தேன்: "அம்மா, நாளைக் காலையில், ராத்திரி தூங்கினாயா என்று மட்டும் கேட்டுவிடாதே. கேட்டால் அவள் மணிக்கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவாள்." எட்டே முக்கால் மணிக்கு அந்தப் பெண் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கையில், தாயார் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து எதிரே நின்றாள். அந்தக் கேள்வி அவள் உதட்டு வரையில் வந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. மகளுடைய முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நெற்றியில் விழுந்திருந்த மயிரை ஒதுக்கிவிட்டு, "போய்ட்டு வா கண்ணு, மதியத்துக்கு வத்தக்குழம்பு வைக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள்.